"மூணு தப்பு" வீடியோ எப்படி எழுதறது, எப்ப லிஸ்ட் வேணும், எப்ப கதை வேணும்: எல்லைப் பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோபாலபுரம்னு இந்தப் பக்கம் இருக்கறவங்க நிறைய பேரு இப்ப தொழிலுக்காக சின்ன வீடியோ போடறாங்க, பழைய வண்டி வாங்கி விக்கறவங்க, இன்சூரன்ஸ் போடறவங்க, ஆர்டிஓ ஆபீஸ் பேப்பர் வேலை பாத்துக் குடுக்கறவங்கன்னு எல்லாரும். ஆரம்பிக்கும்போது எல்லாரும் முதல்ல பிடிக்கறது "இந்த மூணு தப்ப பண்ணாதீங்க"ங்கற தலைப்பத்தான். சில வீடியோ நல்லா ஓடுது, சிலது பத்து செகண்ட்லயே ஆளுங்க தள்ளிட்டுப் போயிடறாங்க, ஏன்னு யாரும் முறையா சொல்லிக் குடுக்கறதில்ல. நான் வண்டி பேப்பர் சம்பந்தமா வீடியோ எழுதிக் குடுக்கறேன், இத புரிஞ்சுக்க எனக்கு ரொம்ப நாள் பிடிச்சுது, புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்னுதான் இத எழுதறேன். உதாரணம் முழுக்க ஒண்ணேதான் எடுத்துக்கறேன்: பொள்ளாச்சிப் பக்கம் பழைய பைக் வாங்கி எல்லை தாண்டி கேரளாவுல பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவுக்கு கொண்டு வர்றது.

1. முதல்ல யாருக்குன்னு ஒரே ஆள எழுதி வைங்க

பழைய பைக் விஷயத்துல ரெண்டு ஆளு இருக்காங்க, வாங்கறவர், விக்கறவர். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு வீடியோ போடலாம்னு தோணும், போடாதீங்க. வாங்கறவர் ஏற்கனவே பயத்தோடதான் இருக்காரு, நாளைக்கு காலைல போய் வண்டி பாக்கணும், என்னென்ன பாக்கணும்னு தேடிட்டு வர்றாரு. விக்கறவருக்கு அப்படி ஒண்ணும் இல்ல, காசு வந்துச்சு, பார்ம்ல கையெழுத்துப் போட்டாச்சு, வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டு இருக்காரு.

லிஸ்டா கதையாங்கறது பெரும்பாலும் இங்கயே முடிவாயிடும். செய்யறதுன்னு முடிவு பண்ணிட்டு எப்படின்னு கேக்கறவருக்கு லிஸ்ட் குடுங்க, அவரு அத சேவ் பண்ணி வச்சுட்டு வண்டி முன்னாடி நின்னு திருப்பிப் பாப்பாரு. தனக்கு ஒரு பிரச்சனை இருக்குன்னே நம்பாதவருக்கு லிஸ்ட் குடுத்தா ஒவ்வொண்ணுக்கும் "அதெல்லாம் எனக்குத் தெரியும்"னு சொல்லிட்டுப் போயிடுவாரு. அவருக்கு ஒருத்தருக்கு நடந்தத வரிசையா காட்டினாத்தான் "அட, நானும் இப்படித்தானே வித்தேன்"னு நிப்பாரு.

அதனால நோட்டுல முதல் வரி இப்படி இருக்கணும்: "இந்த வீடியோ, பொள்ளாச்சியில பைக் பாத்துட்டு இன்னும் அட்வான்ஸ் குடுக்காத ஆளுக்கு." அட்வான்ஸ் குடுத்தவருக்கு வேற வீடியோ, ஏன்னா அவரு செய்ய முடிஞ்சது வேற.

2. விஷயத்த எல்லாம் கொட்டிட்டு மாத்திப் போட்டுப் பாருங்க

ஒரு துண்டுப் பேப்பர்ல ஒரு விஷயம்னு எழுதுங்க. பழைய பைக்குக்கு பெரும்பாலும் எல்லாரும் முதல்ல எழுதறது இந்த மூணுதான்:

பைனான்ஸ் முடிக்காத வண்டிய வாங்கறது.
ஆர்டிஓ என்ஓசி இல்லாம வண்டிய கொண்டு வர்றது.
பேர் மாத்தாம ஓட்டறது.

பாக்க நல்ல லிஸ்ட் மாதிரி இருக்குது. இப்ப துண்டுகள கலைச்சு வேற வரிசைல வைங்க, இல்லன்னா நடுவுல ஒண்ண எடுத்துட்டுப் பாருங்க. முடியாது. ஏன்னா பைனான்ஸ் முடிச்சு ஆர்சியில இருக்கற ஹைப்போதிகேஷன எடுக்காம (அதுக்கு பைனான்ஸ்காரங்க லெட்டரும் பார்ம் 35ம் வேணும்), இல்லாட்டி பைனான்ஸ்காரங்க எழுத்துல சம்மதமாவது குடுக்காம, பொள்ளாச்சி ஆபீஸ்ல என்ஓசி கிடைக்காது, அந்த என்ஓசி பார்ம் 28ல கேக்கறது, அது இல்லாம சித்தூர் ஆபீஸ்ல பேர் மாத்த முடியாது. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. இது மூணு தப்பு இல்ல, ஒரே தப்பும் அதோட விளைவுகளும். இத "மூணு தப்பு"ன்னு போட்டா என்ன ஆகும்னா, ரெண்டாவது சொல்லும்போது முதல்ல சொன்னதையே திருப்பிச் சொல்ற மாதிரி இருக்கும், பாக்கறவங்களுக்கு காரணம் தெரியாட்டியும் இழுக்கறாங்கன்னு தோணிடும்.

கலைச்சாலும் நிக்குதா, ஒண்ண எடுத்தாலும் மத்தது நிக்குதா, அப்ப லிஸ்ட். வரிசை மாத்தினா உடையுதா, அப்ப கதை. வேற எந்த ஃபார்முலாவ விடவும் இது எனக்கு அதிகம் உதவியிருக்கு.

அதே விஷயத்துல உண்மையான லிஸ்ட் எது? அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது: வண்டி மேல பாக்கி சலான் இருக்கா, ஆர்சியில பைனான்ஸ் பேர் இருக்கா, வண்டில அடிச்சிருக்கற சேசிஸ் நம்பரும் ஆர்சியில இருக்கறதும் ஒண்ணா. சலான் இல்லாத வண்டில பைனான்ஸ் இருக்கலாம், பைனான்ஸ் இல்லாத வண்டில சேசிஸ் நம்பர் தகராறு இருக்கலாம். மூணும் தனித்தனி, ஆனா மூணும் ஒரே ஆளு ஒரே நேரத்துல வண்டி பக்கத்துல நின்னு செய்யறது. இந்த ரெண்டும் சேந்து இருக்கணும். "வாங்கும்போது ஒண்ணு, கொண்டு வரும்போது ஒண்ணு, ஆறு மாசம் கழிச்சு ஒண்ணு"ன்னு கலந்தா பாக்கறவருக்கு எந்த நேரத்துல எத செய்யணும்னு குழம்பிடும்.

3. தலைப்பு வரி: ஆளு, நேரம், எண்ணிக்கை

"பழைய பைக் வாங்கும்போது செய்யும் 3 தப்புகள்"ங்கறது யாருக்கும் ஒட்டாது, மெட்ராஸ்ல இருக்கறவரும் சொல்லலாம், யாரு வேணாலும் சொல்லலாம். இத இப்படி மாத்துங்க: "பொள்ளாச்சியில பைக் பாத்துட்டு வந்து நம்ம ஊர்ல ஓட்டப் போறீங்களா, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இந்த மூணயும் பாத்துடுங்க." முதல் மூணு செகண்ட்ல ஊர் பேர் வந்துடணும், ஊர் பேர் கேட்டவுடனே சம்பந்தப்பட்டவரு நிப்பாரு, சம்பந்தம் இல்லாதவரு போவாரு, போகட்டும்.

எண்ணிக்கை ஏன் வேலை செய்யுதுன்னா, எவ்வளவு நேரம் பிடிக்கும்னு பாக்கறவருக்கு முன்கூட்டியே தெரிஞ்சுடுது, ரெண்டு முடிஞ்சா இன்னும் ஒண்ணுதான் பாக்கின்னு இருந்து பாப்பாரு. ஆனா சொன்ன எண்ணிக்கை கடன் மாதிரி, மூணுன்னு சொன்னா முழுசா மூணு குடுத்தே ஆகணும். ரெண்டு நல்ல விஷயம்தான் இருக்குன்னா "ரெண்டு"ன்னே போடுங்க, ஒண்ணும் கெட்டுப் போகாது. மூணாவதா "நம்பிக்கையான ஆளுகிட்ட வாங்குங்க"ன்னு சேத்தா அங்கதான் கெட்டுப் போகும், ஏன்னா அத கேட்டுட்டு யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. ஒவ்வொரு பாயிண்டும் கையால செய்யற ஒரு காரியமா இருக்கணும்: திறந்து பாரு, கேளு, தடவிப் பாரு.

"தப்பு"ங்கற வார்த்தைய எல்லா இடத்துலயும் போட வேண்டாம். பாக்கறவரு நிஜமாவே செஞ்சுட்டு இருக்கற காரியமா இருந்து, அதனால காசு போகும்னா "தப்பு"ன்னு சொல்லலாம். இன்னும் செய்யாதவர்கிட்ட "நீங்க செய்யற தப்பு"ன்னா அவரு தன்ன சொல்லலன்னு நினைச்சுப்பாரு. அதுவுமில்லாம நம்ம பக்கம் வண்டி வாங்கறதுல பாதிப் பேரு நம்மள விட வயசுல பெரியவங்க, விவசாயிங்க, "நீங்க பண்ற தப்பு"ன்னு விரல நீட்டினா கேக்க மாட்டாங்க, "நாம பாக்காம விடற மூணு விஷயம்"னு சொன்னா கேப்பாங்க.

இன்னொண்ணு, இது நம்ம எல்லைப் பகுதிக்கே உரியது. சித்தூர் தாலுகாவுல வீட்ல தமிழ் பேசறவங்க நிறைய பேரு பள்ளிக்கூடத்துல மலையாளம் படிச்சவங்க, பேச்சு முழுசா புரியும், தமிழ் எழுத்து மெதுவாத்தான் வாசிப்பாங்க. அதனால ஸ்கிரீன்ல நீளமா தமிழ்ல எழுதி வைக்காதீங்க. 1, 2, 3ன்னு பெரிசா நம்பர் போடுங்க, நம்பர எல்லாரும் படிப்பாங்க, விஷயத்த வாயால சொல்லுங்க. கதை வீடியோல இந்த வசதி கிடையாது, அதுல குரல்தான் எல்லாம்.

4. லிஸ்ட எழுதறது: வரிசையும் நேரமும்

ஒரு நிமிஷ வீடியோவுக்கு சாதாரணமா பேசினா 110, 120 வார்த்தை வரும், ஆனா ஆளுக்கு ஆள் மாறும், எழுதினத போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சு சத்தமா படிச்சு உங்க கணக்க எடுத்துக்கோங்க. தலைப்பு வரிக்கு 5 செகண்ட், ஒவ்வொரு பாயிண்டுக்கும் 15 செகண்ட், மிச்சம் 10 செகண்ட் கையில இருக்கட்டும். யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபர்ல இருந்து 3 நிமிஷம் வரைக்கும் போகலாம்னு ஆயிடுச்சு, அதுக்காக லிஸ்ட இழுக்க வேண்டாம், நேரம் அதிகம் வேணும்னா அது பெரும்பாலும் கதைக்குத்தான் வேணும்.

வரிசைல நான் செய்யறது, இழப்பு சின்னதுல இருந்து பெரிசுக்குப் போறது, ஆனா முதல் பாயிண்ட் உடனே செஞ்சு பாக்கக் கூடியதா இருக்கணும். அப்படிப் பாத்தா:

ஒண்ணு, சலான். "ஓனர் போன்லயே இ-சலான் சைட்ட திறந்து வண்டி நம்பர் போட்டுக் காட்டச் சொல்லுங்க. பாக்கி இருந்தா அவரு கட்டி ரசீது குடுக்கட்டும், அப்புறம் பேசலாம். பாக்கிய வச்சுட்டு ஆர்டிஓ என்ஓசிக்குப் போனா அங்க நிறுத்துவாங்க."

ரெண்டு, பைனான்ஸ். "ஆர்சியில ஹைப்போதிகேஷன்னு ஒரு இடம் இருக்கும், அங்க பேங்க் பேரோ பைனான்ஸ் பேரோ இருந்தா, கடன் கட்டி முடிச்சாச்சுன்னு வாயால சொன்னா போதாது. ஆர்சியில அந்தப் பேர எடுத்த பிறகு வாங்கிக்கறேன்னு சொல்லுங்க."

மூணு, சேசிஸ் நம்பர். "நிறைய பைக்ல ஹேண்டில் பாருக்குக் கீழ கழுத்துப் பகுதியில அடிச்சிருப்பாங்க. துணியால துடைச்சுட்டு ஒவ்வொரு எழுத்தா ஆர்சியோட ஒத்துப் பாருங்க. ஒரு எழுத்து மாறியிருந்தாலும், தேய்ச்சு அடிச்ச மாதிரி இருந்தாலும் விட்டுட்டு வந்துடுங்க."

மூணாவது ஏன் கடைசின்னா, முதல் ரெண்டும் காசு குடுத்தோ அலைஞ்சோ சரி பண்ணிடலாம், மூணாவது போலீஸ் கேஸ் வரைக்கும் போகும். பாயிண்டோட கனம் ஏறிக்கிட்டே போனா பாக்கறவரு இருப்பாரு. "மூணாவது கேட்டா அசந்துடுவீங்க"ன்னு முன்னாடியே சொல்ல வேண்டாம், நிஜமாவே கனமானதா இருந்தா சொல்லாமலே தெரியும், இல்லாட்டி சொன்னதுக்காகவே கோவப்படுவாங்க.

ஒரு கண்ணி: என்ஓசின்னு ரெண்டு இருக்கு, பைனான்ஸ்காரங்க குடுக்கறது ஒண்ணு, ஆர்டிஓ குடுக்கறது ஒண்ணு. வீடியோல வெறும் "என்ஓசி"ன்னு சொன்னீங்கன்னா பைனான்ஸ் லெட்டர் கையில வச்சுட்டு "எங்கிட்ட என்ஓசி இருக்கு"ன்னு சித்தூர் ஆபீஸ்ல போய் நிப்பாங்க. "பைனான்ஸ் என்ஓசி", "ஆர்டிஓ என்ஓசி"ன்னு ஒவ்வொரு தடவையும் முழுசா சொல்லுங்க, ரெண்டு வார்த்தை கூடினா பரவால்ல.

5. கதைய எழுதறது: விக்கறவருக்கு

இப்ப விக்கறவர் வீடியோ. அவருக்கு தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, வண்டிய வித்த பிறகும் ஆர்சியில பேரு மாறற வரைக்கும் சட்டத்துக்கு ஓனர் அவருதான். இத லிஸ்ட்டா ஆக்கினா "பார்ம் 29 குடுங்க, 30 குடுங்க, ஜெராக்ஸ் வைங்க"ன்னு வரும், மூணும் சரிதான், ஆனா ஏன் செய்யணும்னு அவருக்குப் படாது. இங்கதான் கதை லிஸ்ட்ட ஜெயிக்குது.

கதைய விளைவுல இருந்து ஆரம்பிங்க: "பைக்க வித்து ஒரு வருஷம் ஆச்சு. இப்ப பாலக்காட்டுல ஹெல்மெட் போடலன்னு சலான் வருது, பழைய ஓனர் போனுக்கு." அடுத்து பின்னாடி போங்க: சந்தையில ஒருத்தருக்கு வித்தாரு, பார்ம்ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தாரு, வாங்கினவரு பேர் மாத்தல, இன்னொருத்தருக்கு வித்துட்டாரு, அவரும் மாத்தல. ஒவ்வொரு கை மாறும்போதும் ஆர்சியில பேரு அதேதான். அப்புறம் கனமான இடம்: சலான் 500, 1000னு போயிடும், ஆக்சிடெண்ட் ஆனா? இப்படி பல கை மாறி பேரு மாறாத வண்டி விபத்துல, ஆர்சியில பேர் இருக்கறவருதான் ஓனர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பு அவருக்குத்தான்னு 2018ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கு. இங்க வந்தவுடனே பாக்கறவரு தன் பழைய வண்டி யாருகிட்ட இருக்குன்னு யோசிக்க ஆரம்பிச்சுடுவாரு.

அப்புறம் ஒரே ஒரு காரியம் சொல்லி முடிங்க: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 50 படி, அதே ஸ்டேட்ல வித்தா 14 நாளுக்குள்ள விக்கறவரு பேர் மாத்தற ஆபீஸ்ல தெரிவிக்கணும், வேற ஸ்டேட்டுக்கு வித்தா 45 நாளுக்குள்ள ஆர்டிஓ என்ஓசிய பேர் மாத்தற ஆபீஸுக்கு அனுப்பணும், வாங்கறவருக்கு 30 நாள். எல்லைல இருக்கற நமக்கு அந்த 45 நாள்தான் முக்கியம்.

இங்க ஒரு பெரிய குழப்பம் இருக்கு, கமெண்ட்ல கண்டிப்பா வரும், முன்னாடியே தயாரா இருங்க. "வேற ஸ்டேட் வண்டி ஒரு வருஷம் ஓட்டலாமே"ன்னு கேப்பாங்க. 12 மாசங்கறது பிரிவு 47, வண்டி வேற ஸ்டேட்ல 12 மாசத்துக்கு மேல இருந்தா புது நம்பர் வாங்கணும்ங்கறது, அதாவது டிஎன் 41 வண்டி கேஎல் 70 ஆகறது. ஓனர் பேர் மாத்தறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, பேருக்கு 30 நாள்தான். இந்த ஒரு விஷயத்த தனி வீடியோவா போடுங்க, லிஸ்டும் வேண்டாம் கதையும் வேண்டாம், நேரா கேள்வி, நேரா பதில், 30 செகண்ட்ல முடிஞ்சுடும். எல்லாத்தையும் இந்த ரெண்டு வடிவத்துக்குள்ள அடக்கணும்னு இல்ல.

கதைல இன்னொரு கண்ணி, ரெண்டாவது பாடம் சேக்கறது. நடுவுல "இன்சூரன்ஸும் 14 நாள்ல பேர் மாத்தணும், மறந்துடாதீங்க"ன்னு சொன்னா கதை அங்க நின்னுடும். அது உண்மைதான், ஆனா அது வாங்கறவர் வேலை, வாங்கறவர் வீடியோவுக்குப் போகட்டும்.

6. கையில வச்சிருக்க வேண்டிய பேப்பர், ஆகற செலவு

எழுதறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரு ஆதாரம் போன்ல ஒரு போல்டர்ல இருக்கணும்: பார்ம் 28, 29, 30, 35 பரிவாகன் சைட்ல கிடைக்கும், பிரிவு 47, 50 சட்டத்துல இருந்து ஸ்கிரீன்ஷாட். யாராவது "யாரு சொன்னது"ன்னு கேட்டா அனுப்பிடலாம். ஃபீஸ், வரி எல்லாம் மாறிக்கிட்டே இருக்கும், அதனால தொகைய வீடியோல வாயால சொல்லாதீங்க, கீழ எழுத்துல போடுங்க, மாறினா திருத்திக்கலாம், வாயால சொன்னத திருத்த முடியாது. வேற ஸ்டேட்டுல இருந்து கொண்டு வந்தா கேரளாவுல வரி தனியா கட்டணும், பழைய ஸ்டேட்ல கட்டின வரில மிச்ச காலத்துக்கு ரீஃபண்ட் அங்கதான் கேக்கணும்னு மட்டும் சொல்லுங்க.

கதைக்கு கூடுதலா ஒண்ணு வேணும்: யாருக்கு நடந்ததோ அவங்ககிட்ட வாட்ஸப்ல "சொல்லிக்கோங்க"ன்னு ஒரு வரி எழுத்துல வாங்கி வைங்க, ஊரையும் வண்டி மாடலையும் மாத்திடுங்க, மாத்தியிருக்கேன்னு வீடியோலயே சொல்லிடுங்க. ஆர்சி காட்டினா பேரு, அட்ரஸ், நம்பர் எல்லாத்தையும் மறைங்க. சேசிஸ் நம்பர எங்க தேடணும்னு காட்டும்போது உங்க சொந்த வண்டில காட்டி கடைசி எழுத்துகள விரலால மூடிக்கோங்க.

செலவு பெரிசா இல்ல. போன் இருக்கு, காலர்ல மாட்டற ஒயர் மைக் ஆயிரம் ரூபாய்க்குள்ள கிடைக்கும், ரோட்டோரம் எடுக்கறதா இருந்தா அது கட்டாயம், வேலந்தாவளம் ரோட்ல லாரி சத்தத்துல மைக் இல்லாம பேசினா ஒண்ணும் கேக்காது. நேரம்தான் செலவு, லிஸ்ட் வீடியோ ஒரு சாயங்காலத்துல எழுதி எடுத்துடலாம், கதைக்கு ஆளுகிட்ட பேசி விவரம் சரி பாக்கவே ரெண்டு மூணு நாள் ஆகும், அத கணக்குல வச்சு வாரம் பிரிச்சுக்கோங்க.

7. போட்ட பிறகு எத பாக்கறது

யூடியூப் ஸ்டுடியோல எந்த செகண்ட்ல எவ்வளவு பேரு இருந்தாங்கன்னு ஒரு கோடு வரும், போட்டு நாலஞ்சு நாள் கழிச்சுப் பாருங்க, முதல் நாளே பாத்து முடிவு பண்ண வேண்டாம். லிஸ்ட்ல ஒவ்வொரு பாயிண்ட் மாறும்போதும் கோடு கொஞ்சம் இறங்கறது சாதாரணம். "ஒண்ணு"ன்னு சொல்றதுக்கு முன்னாடியே பெரிசா இறங்கினா முன்னுரை நீளம், வணக்கம், சேனல் பேர் எல்லாத்தையும் வெட்டுங்க. முதல் பாயிண்ட் முடிஞ்சவுடனே விழுந்தா அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், மாத்துங்க. எங்கயாவது கோடு மேல ஏறினா அங்க ஆளுங்க திருப்பிப் பாக்கறாங்கன்னு அர்த்தம், சேசிஸ் நம்பர் காட்டற இடத்துல அப்படி ஏறினா அத தனியா, நிதானமா ஒரு வீடியோவா எடுங்க.

கதைல கோடு மெதுவா சரிஞ்சா நல்லது. ஒரே இடத்துல சட்டுன்னு விழுந்தா அங்க முடிவு தெரிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் நீங்க பேசினது அதிகம். விக்கறவர் வீடியோவுல அது பெரும்பாலும் சுப்ரீம் கோர்ட் வரிக்கு அப்புறம் நடக்கும், அதனால 45 நாள் விஷயத்த அந்த வரிக்கு ஒட்டியே சொல்லி அங்கயே நிறுத்திடுங்க.